விலை பேசாத கல்லா

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் தூங்கிப் போய், நூறு வருஷம் தள்ளி விழித்துக்கொண்டேன். போன விதம் எனக்கே விளங்காததால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. கீழக்குயில்குடிக்குச் சேலை மூட்டையோடு வியாபாரத்துக்குப் போனேன். மழை பிடித்தது. சமணர் மலையில் ஏறி, பழைய காலத்துத் துறவிகள் படுப்பதற்காக வெட்டிய கல் படுக்கையில் தலை சாய்த்தேன். கண் விழித்தபோது வெயில் அடித்தது. மூட்டையைக் காணோம். மலையடியில் கன்னங்கரேலென்று ஒரு சாலை ஓடியது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் பெயர் நன்னுசாமி. மதுரையில் மகாலுக்குப் பக்கத்துச் சந்தில் ஜவுளிக் கடை. எங்கள் முன்னோர் குஜராத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுவோம், கடையில் தமிழ். சுற்று வட்டாரத்தில் என்னோடு விலை பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நூறு வருஷம் தாண்டிப் போயும் அந்தப் பழக்கம் என்னை என்ன பாடு படுத்தியது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

சாலையில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று சக்கர வண்டி ஒன்று, மாடு இல்லாமல், முதுகு நிறையக் கத்தரிக்காய் மூட்டைகளோடு வந்து நின்றது. ஓட்டி வந்தவன் என் பஞ்சகச்சத்தையும் தலைப்பாகையையும் காதுக் கடுக்கனையும் ஏற இறங்கப் பார்த்தான்.

"எந்த ஊரு நாடகம்ணே? செட்டு விட்டுட்டுப் போயிருச்சா?"

நான் யார், எப்போது தூங்கினேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவன் முழுவதும் கேட்டான்.

"வசனம் நல்லாத்தான் இருக்கு. ஏறுங்க, பசியா இருப்பீக."

அவன் பெயர் முத்துப்பாண்டி. கீழக்குயில்குடிக்காரன். கத்தரி பயிரிட்டு நகரத்துக் கடைகளுக்குப் போடுகிறவன். போகும்போதே பேச்சுக் கொடுத்து யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தேன். அவன் சொன்ன தெருவின் பெயரைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். நேற்று, அதாவது என் நேற்று, அந்தத் தெருக்காரர்கள் என் எதிரே வந்தால் வரப்பை விட்டு இறங்கி நிற்பார்கள். நானும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. இப்போது அந்தத் தெருக்காரன் வண்டியை ஓட்டினான், நான் அவன் கத்தரிக்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல ஒரு குழி நெலம் கெடையாதுண்ணே. எல்லாம் கூலிதான். இப்ப ஒன்றரை ஏக்கர் நமக்கு" என்றான். சொல்லிவிட்டு ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கினான். நான் கத்தரிக்காயோடு கத்தரிக்காயாக உருண்டேன். கொஞ்ச தூரத்தில் சக்கரத்தில் காற்றுப் போய்விட்டது. முத்துப்பாண்டி வேறு சக்கரம் மாட்டினான், நான் மூட்டைகளை இறக்கி ஏற்றினேன். துணி மூட்டை தூக்கிப் பழகிய தோள். அவனுக்குப் பிடித்துப் போயிற்று.

"ஊருக்குப் போற வரைக்கும் நம்ம வீட்ல இருங்கண்ணே. காய் இறக்க ஆளில்லாமக் கஷ்டப்படுறேன். கூலி குடுத்துருவேன்."

அன்று அவன் வீட்டில்தான் சாப்பாடு. அவன் மனைவி செல்வி தட்டில் வெள்ளைச் சோற்றைக் குவித்து, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றினாள். எங்கள் காலத்தில் கூலிக்காரர் வீட்டில் நெல்லுச்சோறு தீபாவளிக்குத்தான் வேகும், மற்ற நாளெல்லாம் கம்பும் கேழ்வரகும்தான். "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டேன். "செவ்வாக்கெழமைண்ணே" என்றாள். அவர்கள் வீட்டில் சாப்பிடுவதா என்று மனதுக்குள் எழுந்த கேள்வியைக் குழம்பின் வாசனை பாதியில் அமுக்கிவிட்டது. மறு சோறு கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூரையில் எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது. "கரெண்டு போயிருச்சு" என்றாள் செல்வி, ஏதோ அடுத்த வீட்டுக்காரர் போய்விட்டதைப் போல. பிறகு கைக்கடக்கமாக எதையோ எடுத்து அழுத்தினாள். சுவரில் ஒரு நிலா விழுந்தது. எண்ணெய் இல்லை, திரி இல்லை, புகை இல்லை. டார்ச் லைட் என்றார்கள். அந்த நூறு வருஷத்தில் நான் பார்த்த அத்தனை அதிசயத்திலும் எனக்கு வேண்டும் என்று தோன்றியது அது ஒன்றுதான். விலை என்ன, எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன்.

"நாளன்னைக்குக் கோச்சடைக் கடைக்குக் காய் போடணும். கூட வாங்க, அங்க கெடைக்கும்" என்றான் முத்துப்பாண்டி.

அந்த இடைப்பட்ட நாளைக் கத்தரிக்காய் பறிப்பதில் கழித்தேன். டீ என்ற ஒன்றைக் குடித்தேன். சுக்குக் கஷாயத்தில் பாலைக் கொட்டிச் சர்க்கரையால் மன்னிப்புக் கேட்டது போல இருந்தது. மாலைக்குள் நாலு தடவை கேட்டுக் குடித்துவிட்டேன். முத்துப்பாண்டி கூலி கொடுத்தான். எல்லாம் காகிதம். சக்கரவர்த்தி தலை இருக்க வேண்டிய இடத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட, பொக்கை வாய்ச் சிரிப்போடு ஒரு பெரியவர் இருந்தார். முடி இல்லாத ராஜாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

கோச்சடைக்குப் போகிற வழியில் வைகையைப் பார்த்தேன். ஆற்று மணலில் பையன்கள் கட்டையை வைத்துக்கொண்டு பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் எங்கே என்றேன். "அது வர்றப்ப வரும்ணே" என்றான் முத்துப்பாண்டி. கோச்சடை என் காலத்தில் வயல். இப்போது வீடுகள். அவற்றுக்கு நடுவே கண்ணாடியில் செய்த மாதிரி ஒரு பெரிய கடை. வாசலில் 'ஆடித் தள்ளுபடி இன்று முதல்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். ஆடி மாதம் எங்கள் கடையில் ஈ ஓட்டுவோம். இங்கே உள்ளே நுழைய இடமில்லை.

முத்துப்பாண்டி பின்வாசலில் காய் இறக்கப் போனான். "சாமான எடுத்துக்கிட்டு பில்லு போடுற எடத்துக்குப் போங்கண்ணே, அம்புட்டுதான்" என்று சொல்லி அனுப்பினான். அம்புட்டுதான் என்றான்.

வாசலில் காவல்காரர், செல்வி கொடுத்தனுப்பிய மஞ்சள் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, எண் போட்ட ஒரு வில்லையைக் கொடுத்தார். பையை அடகு வைத்துத்தான் கடைக்குள் போக வேண்டும் போலிருக்கிறது. உள்ளே குளிர். வரிசை வரிசையாகச் சாமான்கள், ஆனால் வியாபாரியைக் காணோம். வாருங்கள் என்று அழைக்க ஆளில்லை, உட்காரப் பாயில்லை, குடிக்கத் தண்ணீரில்லை. முதலாளி வந்து எடுத்துக் காட்டட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் கவனித்தேன், ஜனங்கள் தாங்களே எடுத்துச் சக்கரம் வைத்த கூடையில் போட்டுக்கொண்டு போனார்கள். என் கடையில் யாராவது அப்படிச் செய்தால் தெருவே கூடிவிடும்.

டார்ச் லைட்டுகள் ஒரு பலகையில் தொங்கின. கீழே சீட்டில் 'ரூ. 45' என்று பெரிதாக எழுதியிருந்தது. வியாபாரி கண்ணுக்கு விலைச் சீட்டுத்தான் முதலில் படும். போகிற வழியில் இருந்த மற்றச் சீட்டுகளையும் படித்துக்கொண்டே போனேன். செல்விக்கென்று ஒரு தொட்டியிலிருந்து வெல்லமும் கொஞ்சம் அள்ளி, பக்கத்தில் தொங்கிய கண்ணாடி மாதிரியான பை ஒன்றில் போட்டுக்கொண்டேன்.

பில் போடுகிற இடத்தை அவர்கள் கவுண்டர் என்கிறார்கள். பல கவுண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் வரிசை. எனக்கு வாய்த்தது மூன்றாவது. அங்கே ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்ததைப் பார்த்து நானும் டார்ச் லைட்டை மேசைமேல் வைத்தேன். மேசை நகர்ந்தது.

உண்மையாகவே நகர்ந்தது. கறுப்புத் துணிப்பட்டை போல ஒன்று என் டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணை நோக்கிப் போனது. பாய்ந்து எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். மறுபடி போனது. மறுபடி எடுத்தேன்.

"அது தானா நின்னுரும் சார். விடுங்க" என்றாள் அவள். விட்டேன். பட்டையின் முனைக்குப் போனதும் கச்சிதமாக நின்றது. அங்கே ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று குறுக்கே ஓடுகிறதாம். சாமான் அதை மறித்தால் பட்டை நின்றுவிடும். அவள் சாமானை எடுத்துவிட்டால் மறுபடி ஓடும்.

அவள் டார்ச் லைட்டை எடுத்து, அட்டையில் கறுப்புக் கோடுகள் நெருக்கமாகப் போட்டிருந்த பக்கத்தைக் கீழே திருப்பி, மேசையில் பதித்த கண்ணாடிக்கு மேலே தீபாராதனை காட்டுவது போல ஒரு தரம் காட்டினாள். கண்ணாடிக்குள் சிவப்புக் கோடுகள் மின்னின. 'பீப்' என்று ஒரு சத்தம். என் பக்கமாகத் திருப்பி வைத்திருந்த சின்னப் பலகையில் பச்சை எழுத்தில் எண் வந்தது.

என் வாய் தன்னால் திறந்தது. "பாதிக்குக் கொடு அம்மா."

"ஃபிக்ஸட் ரேட் சார்."

"சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், முப்பது."

"எம்.ஆர்.பி. சார். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

விஷயம் புரிந்தது. அவள் சம்பள ஆள். விலை போடுகிறவர் வேறு ஒருவர். எங்கள் காலத்திலும் பெரிய மனிதர்களை முதலெழுத்தால்தான் சொல்வோம். எம்.ஆர். பிள்ளையாக இருக்க வேண்டும்.

"பிள்ளைவாளைக் கொஞ்சம் கூப்பிடு அம்மா. ஜவுளிக் கடை நன்னுசாமி வந்திருக்கிறேன் என்று சொல்."

பின்னால் நின்ற ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். கவுண்டர் பெண் டார்ச் லைட்டின் அட்டையைக் காட்டினாள். 'அதிகபட்ச சில்லறை விலை, வரிகள் உட்பட' என்பதற்கான மூன்று எழுத்தாம் அது. சாமான் செய்கிற கம்பெனியே அச்சடித்துவிடுகிறது. அதற்குக் குறைத்து விற்கலாம், ஏற்றி விற்கக் கூடாது. பிள்ளை என்று யாருமில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

அடுத்து வெல்லம். அதில் கோடு இல்லை. "இதுல ஸ்டிக்கர் இல்லையே சார். அங்க எடை போட்டுட்டு வாங்க. உங்க பில்லை நிறுத்தி வைக்கிறேன்" என்றாள். நான் எடை போடுகிற இடத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், என் டார்ச் லைட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்தவர் சாமானைக் காட்டிக்கொண்டிருந்தாள். என் கணக்கு மெஷினுக்குள் தூங்குமாம், திரும்பி வந்து எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடருமாம். எடைத் தட்டுக்காரர் வெல்லத்தை எடை போட்டு ஒரு பொத்தானை அமுக்க, கோடுகளோடு ஒரு சீட்டு வெளியே வந்தது. இது வெல்லம் என்பதும், எத்தனை எடை என்பதும் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கிறதாம்.

வெல்லச் சீட்டை வழியில் கசக்கிவிட்டேன் போலிருக்கிறது. அவள் எத்தனை தரம் காட்டியும் கண்ணாடி பேசவில்லை. அவள் சலித்துக்கொள்ளாமல் கோடுகளுக்கு அடியில் இருந்த எண்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். தப்பாகத் தட்டிவிட்டால் வேறு சாமான் ஆகிவிடாதா என்றேன். கடைசி எண் மற்ற எண்களுக்குக் காவலாம். முன்னால் இருப்பதையெல்லாம் ஒரு கணக்குப் போட்டால் அந்தக் கடைசி எண்ணில் வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் மெஷின் ஏற்காது.

இதைச் சொல்லிவிட்டு அவள் பக்கத்துக் கவுண்டர் பெண்ணிடம் முணுமுணுத்தாள். அது எங்கள் வீட்டு மொழி. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "இந்த நாடகக்கார மாமா இன்னிக்குப் பூரா என்னை விடமாட்டாரு போல."

நானும் அதே மொழியில் பதில் சொன்னேன். "டார்ச் லைட்டைக் கொடுத்துவிட்டால் போய்விடுகிறேன் குழந்தை."

அவள் கை அந்தரத்தில் நின்றது. "மாமா, நீங்க பேசுறது எங்க கல்யாணப் பாட்டுல வர்ற மாதிரி இருக்கு" என்றாள். பெயர் ஹேமா. வீடு மகாலுக்குப் பின்னால். பக்கத்துக் கவுண்டர் பெண்ணும் எங்கள் ஆள்தானாம், வீடு முனிச்சாலை, பெயர் சுதா. ஊரில் எங்கள் மொழி இன்னும் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குளிரிலும் எனக்கு உடம்பு சூடாயிற்று.

அந்த சந்தோஷத்தில் பச்சை எழுத்தை மறுபடி பார்த்தேன். வியாபார புத்தி விழித்துக்கொண்டது. டார்ச் லைட், ஐம்பத்தைந்து என்று இருந்தது.

"பலகையில் நாற்பத்தைந்து போட்டிருக்கிறது" என்றேன்.

"அட்டையில அம்பத்தஞ்சுதான மாமா இருக்கு."

"அட்டை கம்பெனி சொன்னது. நாற்பத்தைந்து உங்கள் கடை சொன்னது. ஆடித் தள்ளுபடி. உன் மெஷின் பொய் சொல்கிறது."

கடைசி வாக்கியத்தை மட்டும் தமிழில், அதுவும் கடையில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் சொல்லிவிட்டேன். வரிசை முழுவதும் கேட்டது. எனக்கு முன்னால் பில் போட்டுவிட்டுப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் தன் சீட்டை எடுத்துப் பார்த்தார். "சமையல் எண்ணெய் தள்ளுபடினு போட்டிருந்துச்சு, முழு வெலை போட்டிருக்கு" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எண்ணெய்க்கு எட்டு ரூபாய் குறைத்திருந்தது. சீயக்காய்க்கு மூன்று. இரண்டாம் வரிசை, மேல் தட்டு" என்றேன். அவ்வளவுதான், பில் போட்டு முடித்து நின்ற எல்லோரும் சீட்டைப் பிரித்தார்கள்.

குணசேகரன் என்ற மேற்பார்வையாளர் கழுத்தில் சாவி தொங்க ஓடி வந்தார். போட்ட பில்லை ரத்து செய்யவோ விலையை மாற்றவோ அந்தச் சாவியைச் செருகித் திருப்பினால்தான் முடியும். அவர் என் டார்ச் லைட்டை வாங்கி, சுதாவின் நாலாவது கவுண்டரில் கொடுத்துக் காட்டச் சொன்னார். 'பீப்'. நாற்பத்தைந்து.

ஐந்தாவதில் காட்டினார். நாற்பத்தைந்து.

"அப்ப இந்தப் பொண்ணுதான் கூடப் போடுது" என்றார் எண்ணெய்க்காரர். எல்லோர் சீட்டிலும் 'கவுண்டர் 3, ஹேமா' என்று அச்சாகியிருந்தது. ஒருவர் அதைச் சத்தமாகப் படித்தார். இன்னொருவர், "பாத்தா சாதுவா இருக்கு" என்றார்.

குணசேகரன் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் கூட்டம். "ஹேமா, நீ எந்திரி. இந்த எடத்துக்கு வேற ஆள் வரட்டும். நீ மாடிக்குப் போ" என்றார்.

அவள் எழுந்தாள். முகம் வெளிறியிருந்தது. "நான் விலை எதுவும் அடிக்கல சார். காட்டுனா மெஷின் போடுது. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு எங்கள் மொழியில், யாரையும் பார்க்காமல், "இந்த மாசம்தான் நிரந்தரம் பண்றேன்னாங்க" என்றாள். அந்தக் கூட்டத்தில் அது சுதாவுக்கும் எனக்கும் மட்டும்தான் புரிந்தது.

பொய் என்ற சொல்லை அந்தக் கடைக்குள் கொண்டுவந்தவன் நான். அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதும் நான்தான். ஆனால் அந்த மெஷினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்தது தராசு ஒன்றுதான்.

"அய்யா, ஒரு நிமிஷம்" என்றேன் குணசேகரனிடம். "தராசில் சந்தேகம் வந்தால் நாங்கள் தட்டை மாற்றிப் போடுவோம். படிக்கல் இருந்த தட்டில் சரக்கு, சரக்கு இருந்த தட்டில் படிக்கல். அப்போது கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். இந்த இரண்டு பெண்களையும் இடம் மாற்றி உட்கார வையுங்கள்."

"அதெல்லாம் இப்ப..." என்று ஆரம்பித்தவர், கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி. மாறி உக்காருங்க."

ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண் இருக்கிறது. இடம் மாறினால் பழைய ஆள் வெளியேறி, புதிய ஆள் தன் எண்ணைத் தட்டி உள்ளே நுழைய வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வரிசையில் யாரும் நகரவில்லை. குளிர்ந்த கடையில் எனக்கு வியர்த்தது. நான் நினைத்தது தப்பாக இருந்தால் அந்தப் பெண்ணின் வேலைக்கு நானே கொள்ளி வைத்தவன் ஆவேன்.

நாலாவதில் ஹேமா டார்ச் லைட்டைக் காட்டினாள். 'பீப்'. நாற்பத்தைந்து.

மூன்றாவதில் சுதா காட்டினாள். 'பீப்'. ஐம்பத்தைந்து.

"நீங்களே ஒரு தரம் காட்டுங்கள்" என்றேன். குணசேகரன் தன் கையால் மூன்றாவதில் காட்டினார். ஐம்பத்தைந்து. எண்ணெய்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப பொட்டிதான்யா கோளாறு. பாவம், பொண்ணு" என்றார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பேசியது அவர் இல்லை என்பது போல.

குணசேகரன் மாடி அறைக்குத் தொலைபேசியில் பேசினார். பேசிக்கொண்டே மேசைக்கு அடியில் குனிந்தார். உள்ளேயிருந்து "அட" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. காலையில் கூட்டிப் பெருக்கியபோது ஒரு கம்பி கழன்றிருக்கிறது.

பிறகு ஹேமா எனக்கு விளக்கினாள். அந்தச் சிவப்பு ஒளிக்கு விலையே தெரியாதாம். கோட்டிலிருந்து ஓர் எண்ணை மட்டும் படிக்கும். அந்த எண்ணுக்கு என்ன பெயர், என்ன விலை என்பது மாடியில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் ஒருவர் உட்கார்ந்து ஏற்றியது. அங்கிருந்து கம்பி வழியாகக் கீழே ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு நகல் வரும். கம்பி அறுந்தாலும் கவுண்டர் நிற்காது, வியாபாரம் கெடக்கூடாது என்று தன்னிடம் இருக்கிற பழைய நகலை வைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு 'பீப்' போடும். இன்று காலை ஏற்றிய தள்ளுபடி மற்ற கவுண்டருக்கெல்லாம் போய்விட்டது. மூன்றாவதுக்கு மட்டும் நேற்றைய விலைதான்.

"அப்போது விலை போடுகிறது மனுஷன்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா மாமா."

"அவரோடு பேசிப் பார்க்கலாமா?"

"மாடிக்கு விடமாட்டாங்க."

கம்பியைச் செருகியதும் மூன்றாவது கவுண்டர் கண்ணை மூடித் திறந்தது. மறுபடி காட்டினார்கள். நாற்பத்தைந்து வந்ததும் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். குணசேகரன் சாவியைத் திருப்பித் திருப்பி நின்றவர்களின் பில்லையெல்லாம் சரி செய்தார். வீட்டுக்குப் போய்விட்டவர்கள் சீட்டோடு வந்தால் வித்தியாசத்தைத் தருகிறோம் என்று வாசலில் எழுதி ஒட்டச் சொன்னார். ஹேமாவிடம் மெதுவாக, "உக்காரும்மா. மாடிக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு மூன்றாவதிலேயே போய் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்த என் பில்லை எழுப்பினாள்.

காகிதத்தை நீட்டினேன். பணப்பெட்டி தானாக வெளியே குதித்தது. எகிறி ஓரடி பின்னால் போனேன். சீட்டு ஒன்று நாக்கு நீட்டுவது போல வந்தது. மைதொட்டு எழுதவில்லை, காகிதமே சூட்டில் கறுக்கிறதாம். அதை வாசலில் காவல்காரரிடம் காட்டினேன். அவர் அதில் ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கிய சீட்டை ஓட்டை போட்டுக் கெடுப்பானேன் என்று கேட்டேன். மறுபடி அதே சீட்டைக் காட்டி வேறு சாமான் எடுத்துப் போகாமலிருக்கவாம். மஞ்சள் பையை மீட்டுக்கொண்டேன்.

முத்துப்பாண்டி வண்டியில் காத்திருந்தான். "ஒரு டார்ச் லைட்டு வாங்க இம்புட்டு நேரமாண்ணே?"

"விலை படியவில்லை தம்பி" என்றேன்.

மறுநாள் மலைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. செல்வி கட்டிக் கொடுத்த புளியோதரையைத் தின்றுவிட்டு அதே கல்லில் படுத்தேன். மழைச் சத்தத்தில் விழித்தேன். பக்கத்தில் என் சேலை மூட்டை பாதி நனைந்து கிடந்தது. டார்ச் லைட் மடியில் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் போட்டுக் காட்டி, கொஞ்ச நாளில் அது மங்கி அணைந்து போயிற்று. இப்போது துணி அளக்கும்போது மேலே வைக்கிற கனமாக இருக்கிறது.

ஆனால் அந்தக் கடையின் ஒரு வழக்கம் என் மண்டையில் ஏறிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் பட்டது. எல்லோருக்கும் ஒரே விலை, பலகையில் எழுதி, பேச்சில்லாமல். ஊமையும் வாங்கலாம், கூச்சப்படுகிறவரும் வாங்கலாம். நானும் ஒரு நாள் செய்து பார்த்தேன். ஒவ்வொரு சேலையிலும் இதற்குமேல் குறைக்க முடியாது என்கிற அசல் விலையைச் சீட்டில் எழுதிக் குத்தினேன்.

காலையில் வந்தவர்கள் சீட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். மத்தியானம் திருப்புவனத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். ஒரு சிவப்புச் சேலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சீட்டில் இரண்டு ரூபாய்.

"கொறைச்சுச் சொல்லுங்க."

"குறைக்கிறதில்லை அம்மா. எல்லோருக்கும் அதுதான். அசலே அதுதான்."

"அது எனக்குத் தெரியுது. சேலை ரெண்டு ரூவா பெறும்."

"பிறகென்ன, எடுத்துக்கொள்ளுங்கள்."

அவள் சேலையை மடித்து வைத்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எழுந்து வாசல் வரை போனாள். நான் கூப்பிடுவேன் என்று அங்கேயே நின்றாள். நான் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தாங்க, ஒண்ணு செய்யுங்க. நீங்க மூணு ரூவானு சொல்லுங்க. நான் ரெண்டுக்கு வாங்கிக்கிறேன்."

"மூன்று ரூபாய்" என்றேன்.

"அநியாயமா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே அவள் நிம்மதியாகக் காலை நீட்டிப் பாயில் உட்கார்ந்தாள். நான் சீட்டுகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.